240 மைக்ரோசெகண்ட் கண்ணை மூடினால்: சக்கர என்கோடரில் எண்ணிக்கை எங்கே தொலைகிறது

இரண்டு சக்கர ரோபோ ஒன்றை 5 மீட்டர் நேராக ஓடி நிற்கச் சொல்லி விட்டோம். மெதுவாக ஓட்டினால் ஏறக்குறையக் கோட்டிலேயே நின்றது. முழு வேகத்தில் ஓட்டினால் கோட்டைத் தாண்டி 3 செ.மீ. அளவுக்குப் போய் நின்றது, ஒவ்வொரு முறையும். "டயர் வழுக்குது அண்ணா" என்றான் உடன் இருந்த மாணவன். வழுக்கினால் நேர்மாறாக நடந்திருக்கும். கிளம்பும்போது சக்கரம் வழுக்கிச் சுற்றினால், ஓடாத தூரத்தையும் ரோபோ ஓடியதாகக் கணக்கில் எழுதிக்கொண்டு கோட்டுக்கு முன்பே நின்றுவிடும். எங்களுடையது தாண்டிப் போனது. அப்படியென்றால் ஓடிய தூரத்தில் கொஞ்சத்தை அது எண்ணவே இல்லை.

எங்கள் மோட்டாரின் பின்பக்க அச்சில் ஒரு காந்த வட்டும் காந்தத்தை உணரும் இரண்டு ஹால் சென்சார்களும் இருந்தன. சுழற்சியை எண்ண உதவும் இந்த அமைப்புதான் என்கோடர். சென்சார்கள் தரும் சிக்னல்களை ஏ, பி என்று சொல்வது வழக்கம். இரண்டும் சதுர அலைகள்தான், ஆனால் ஒன்றுக்கொன்று கால் அலை தள்ளி வரும். அதனால் முன்னோக்கிச் சுழலும்போது இரண்டின் நிலையும் சேர்ந்து 00, 10, 11, 01, மறுபடி 00 என்று போகும். பின்னோக்கிச் சுழன்றால் இதே வரிசை தலைகீழாக வரும். எந்த நிலையிலிருந்து எந்த நிலைக்கு மாறியது என்று பார்த்தாலே ஒரு எண்ணிக்கையும் அதன் திசையும் கிடைத்துவிடுகின்றன.

அந்த மோட்டாரில் அச்சு ஒரு சுற்று சுற்றினால் 64 மாற்றங்கள் வரும். 30-க்கு 1 கியர் இருப்பதால், சக்கரம் ஒரு சுற்று சுற்றும்போது 1920 மாற்றங்கள். சக்கரத்தின் விட்டம் 65 மி.மீ., சுற்றளவு 204 மி.மீ. ஆக ஒரு எண்ணிக்கை என்பது தரையில் சுமார் 0.106 மி.மீ. முழு வேகம் நிமிடத்துக்கு 330 சுற்று, அதாவது நொடிக்கு ஐந்தரைச் சுற்று. ஒரு சக்கரத்திலிருந்து நொடிக்கு 10,560 மாற்றங்கள் வருகின்றன. சராசரியாக ஒவ்வொரு 94.7 மைக்ரோசெகண்டுக்கும் ஒன்று.

மூளையாக இருந்தது சாதாரண ஆர்டுயினோ ஊனோ. அதன் ஏடிமெகா328பி சிப் 16 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது. சிக்னல் மாறியதும் சிப் கையிலுள்ள வேலையை நிறுத்திவிட்டு ஓட்டும் சிறு நிரல்தான் இன்டரப்ட் ரொட்டீன். ஒரு மாற்றத்தைக் கவனித்து எண்ணிவிட்டு வெளியே வர நம் ரொட்டீனுக்கு 6 மைக்ரோசெகண்ட் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்து நொடிக்கு 21,120 முறை என்றால், சிப்பின் நேரத்தில் 13 சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவாகவே செலவாகிறது. 87 சதவீதம் சும்மா இருக்கிறது. பலரும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு, சிப்புக்கு வேகம் போதும் என்று முடிவு கட்டிவிடுவார்கள். நானும் அப்படித்தான் செய்தேன்.

இந்தக் கணக்கு சராசரிச் சுமையைச் சொல்கிறது. எண்ணிக்கை தொலைவதோ சராசரியால் அல்ல. எவ்வளவு நேரம் தொடர்ச்சியாக இன்டரப்ட்டுகள் அடைபட்டுக் கிடக்கின்றன என்பதுதான் அதைத் தீர்மானிக்கிறது.

இன்டரப்ட் எப்படி நினைவில் வைக்கப்படுகிறது என்று பார்த்தால் காரணம் புரியும். சிக்னல் வரும் பின்னில் மாற்றம் வந்ததும் சிப்புக்குள் ஒரு கொடி ஏற்றப்படுகிறது. அது ஒரே ஒரு பிட். அந்த நேரத்தில் இன்டரப்ட்டுகள் முடக்கப்பட்டிருந்தால் கொடி அப்படியே காத்திருக்கும். முடக்கம் நீங்கியதும் ரொட்டீன் ஓடும். ஆனால் காத்திருக்கும் வேளையில் இரண்டாவது மாற்றம் வந்தால், ஏற்கெனவே ஏறியிருக்கும் கொடியை இன்னொரு முறை ஏற்ற முடியாது. மூன்றாவது வந்தாலும் அப்படியே. வீட்டு வாசல் மணி அடித்தது என்பது மட்டும் தெரியும். எத்தனை பேர் வந்து அடித்தார்கள் என்பது தெரியாது. ஆக விதி எளியது: இன்டரப்ட் அடைபட்டிருக்கும் மிக நீண்ட நேரம், இரண்டு மாற்றங்களுக்கு இடையிலான மிகக் குறுகிய நேரத்தைவிடச் சிறியதாக இருக்க வேண்டும். எங்களுக்கு அந்த எல்லை 94.7 மைக்ரோசெகண்ட். ஏட்டுக் கணக்குப்படி அவ்வளவுதான். மலிவான ஹால் என்கோடர்களில் ஏ-க்கும் பி-க்கும் இடைவெளி சரியாகக் கால் அலையாக இருப்பதில்லை; ஒரு இடைவெளி நீண்டு அடுத்தது குறுகும். பாதியை, அதாவது 47 மைக்ரோசெகண்டை, எல்லையாக வைத்துத் திட்டமிடுவதுதான் எனக்குப் பாதுகாப்பாகப் படுகிறது.

அப்படியானால் அடைப்பது யார்? `millis()` ஓடுவதற்காக 1.024 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை ஒரு டைமர் இன்டரப்ட் வருகிறது. சில மைக்ரோசெகண்டில் முடிந்துவிடும். சிப்பின் சொந்த சீரியல் போர்ட்டும் அப்படியே. இவற்றால் நமக்கு ஆபத்தில்லை. ஆபத்து, நேரத்தைத் துல்லியமாகப் பிடிப்பதற்காக இன்டரப்ட்டுகளை மொத்தமாக முடக்கும் லைப்ரரிகளில் இருக்கிறது. `SoftwareSerial` 9600 வேகத்தில் ஒரு பைட்டைப் பெறும்போது ஏறக்குறைய 1 மில்லிசெகண்ட் அடைத்துவிடும். அதற்குள் எங்கள் சக்கரம் பத்து மாற்றங்களைத் தாண்டியிருக்கும். டிஹெச்டி வகை ஈரப்பத சென்சாரைப் படிக்கும் லைப்ரரிகளில் இது சில மில்லிசெகண்ட் வரை போகும். எங்கள் ரோபோவில் இந்த இரண்டும் இல்லை. அழகுக்காக ஒட்டிய டபிள்யூஎஸ்2812 வண்ண எல்இடிப் பட்டை ஒன்று இருந்தது. எட்டே எட்டு விளக்குகள்.

அந்த எல்இடிக்கு ஒரு பிட் அனுப்ப 1.25 மைக்ரோசெகண்ட் ஆகும். விளக்குக்கு 24 பிட் என்றால் 30 மைக்ரோசெகண்ட். எட்டு விளக்குக்கு 240. நடுவில் தடை வந்தால் நிறம் கெட்டுவிடும் என்பதால், அந்த 240 மைக்ரோசெகண்டும் லைப்ரரி இன்டரப்ட்டுகளை முடக்கி வைக்கிறது. எங்கள் நிரல் நொடிக்கு 20 முறை விளக்கைப் புதுப்பித்தது. மொத்தமாகப் பார்த்தால் நொடிக்கு 4.8 மில்லிசெகண்ட், அதாவது அரை சதவீதத்துக்கும் குறைவான நேரம். சராசரிக் கணக்கில் இது கண்ணில்கூடப் படாது.

ஒரு முடக்கத்தின்போது என்ன நடக்கிறது என்று அடியொற்றிப் பார்ப்போம். 240-ஐ 94.7-ஆல் வகுத்தால் 2.53. எனவே ஒவ்வொரு முடக்கத்திலும் இரண்டு அல்லது மூன்று மாற்றங்கள் கடந்துபோகும். ஏறக்குறைய 47 சதவீதம் இரண்டு, 53 சதவீதம் மூன்று. முடக்கம் நீங்கியதும் ரொட்டீன் ஒரே முறை ஓடி, பழைய நிலையைப் புதிய நிலையோடு ஒப்பிடும். இரண்டு மாற்றங்கள் போயிருந்தால் 00-லிருந்து 11-க்கு வந்திருக்கும். இரண்டு பிட்டும் ஒரே சமயத்தில் மாறுவது நியாயமான தாவல் அல்ல. முன்னாலா பின்னாலா என்று சொல்ல வழியில்லாததால் எதுவும் கூட்டப்படாது, நட்டம் இரண்டு. மூன்று மாற்றங்கள் போயிருந்தால்தான் வேடிக்கை. 00, 10, 11, 01 என்று வந்து 01-ல் நிற்கிறோம். நடுவில் நடந்ததை அறியாத ரொட்டீனுக்கு இது 00-லிருந்து 01, அதாவது பின்னோக்கி ஒரு அடி. +3 வரவேண்டிய இடத்தில் -1, நட்டம் நான்கு. அதைவிட மோசம், இந்தத் தாவல் பார்ப்பதற்கு முற்றிலும் நியாயமானதாக இருக்கிறது.

கூட்டிப் பார்த்தால் ஒரு முடக்கத்துக்குச் சராசரியாக 3.06 எண்ணிக்கை நட்டம், நொடிக்கு 61. ஐந்து மீட்டரைக் கடக்க 4.45 நொடி ஆகிறது, ஆக மொத்தம் 272 எண்ணிக்கை. 0.106 மி.மீ.-ஆல் பெருக்கினால் 29 மி.மீ. எங்களுடைய அந்த 3 செ.மீ. இதுதான். இரண்டு சக்கரமும் ஒரே அளவில் இழந்ததால் ரோபோ வளையாமல் நேராகவே ஓடி, தாண்டி நின்றது. மெதுவாக ஓட்டியபோது ஏன் சரியாக இருந்தது என்பதற்கும் இதே கணக்கில் விடை உண்டு. மாற்றங்களுக்கு இடைவெளி 240 மைக்ரோசெகண்டைத் தாண்டிவிட்டால் ஒரு முடக்கத்துக்குள் ஒரு மாற்றத்துக்கு மேல் வர இடமில்லை. அந்த வேகம் நிமிடத்துக்கு 130 சுற்று. அதற்குக் கீழே நட்டம் பூஜ்யம். அதைத் தாண்டியதும் தொடங்கி, வேகத்தைவிட வேகமாக ஏறும். பாதி வேகத்தில் நட்டம் 0.2 சதவீதம், முழு வேகத்தில் 0.58. குறிப்பிட்ட ஒரு வேகம் வரை துல்லியம், அதற்கு மேல் பிழை என்ற இந்த வடிவத்தை எங்கு பார்த்தாலும் டயரையோ தரையையோ சந்தேகிப்பதற்கு முன் இன்டரப்ட்டைச் சந்தேகிக்கலாம்.

நாங்கள் பயன்படுத்திய ரொட்டீன் இது. பழைய நிலையையும் புதிய நிலையையும் சேர்த்து `tbl` என்ற அட்டவணையில் தேடி +1, -1 அல்லது 0 எடுக்கும். 2 வந்தால் நியாயமற்ற தாவல், அது `err`-இல் ஏறும். இடச் சக்கரத்தின் ஏ, பி இரண்டும் D7, D6 பின்களில். வலச் சக்கரத்துடையவை D5, D4-ல்.

```cpp
const int8_t tbl[16] = {
   0, -1,  1,  2,
   1,  0,  2, -1,
  -1,  2,  0,  1,
   2,  1, -1,  0 };
volatile int32_t cntL, cntR;
volatile uint16_t errL, errR;
uint8_t prevL, prevR;

ISR(PCINT2_vect) {
  uint8_t p = PIND, s;
  int8_t d;
  s = p >> 6;
  d = tbl[(prevL << 2) | s];
  if (d == 2) errL++; else cntL += d;
  prevL = s;
  s = (p >> 4) & 3;
  d = tbl[(prevR << 2) | s];
  if (d == 2) errR++; else cntR += d;
  prevR = s;
}
```

`setup()`-இல் இரண்டு `prev`-களிலும் பின்களின் அப்போதைய நிலையைப் போட்டுவிட்டு, `PCMSK2 = 0xF0; PCICR |= 4;` என்று எழுதினால் நான்கு பின்களில் எது மாறினாலும் இந்த ரொட்டீன் ஓடும். ஊனோவில் `attachInterrupt`-க்கு உரிய பின்கள் D2, D3 இரண்டு மட்டுமே. இரண்டு சக்கரத்துக்கு நான்கு வேண்டும் என்பதால் இந்த வழி. ஆனால் இதில் பின்கள் போதாமையைத் தீர்ப்பதைவிடப் பெரிய நன்மை ஒன்று இருக்கிறது.

நான்கு சிக்னலையும் `PIND` என்ற ஒரே வாசிப்பில், ஒரே கணத்தின் புகைப்படமாக எடுக்கிறோம். `digitalRead` ஒவ்வொன்றுக்கும் மூன்று நான்கு மைக்ரோசெகண்ட் ஆகும். அது மெதுவானது என்பது ஒருபுறம், ஏ-யைப் படித்ததற்கும் பி-யைப் படித்ததற்கும் நடுவில் சக்கரம் நகர்ந்துவிடலாம் என்பது இன்னொருபுறம். ஒரே புகைப்படம் என்றால் அந்தக் குழப்பம் இல்லை. இரண்டு சக்கரமும் ஒரே நேரத்தில் மாறி ஒரே கொடியை ஏற்றினாலும் கவலையில்லை; ஒவ்வொன்றும் ஓர் அடிக்கு மேல் நகராதவரை ஒரே ஓட்டத்தில் இரண்டும் சரியாகப் பதிவாகும். ரொட்டீனுக்குள் நுழைந்த பிறகு, புகைப்படம் எடுப்பதற்குச் சற்று முன் இன்னொரு மாற்றம் வந்தால்? அது புகைப்படத்திலேயே விழுந்துவிடும். கொடி மறுபடி ஏறி ரொட்டீன் இன்னொரு முறை ஓடும்போது எதுவும் மாறியிருக்காது. அட்டவணை 0 என்று சொல்லிவிடும். இப்படிக் கொடியை நம்பாமல் நிலையை நம்பும் எண்ணிமுறை, கொடியின் குறைபாடுகளில் பாதியைத் தானே விழுங்கிவிடுகிறது. ஏ அல்லது பி சிக்னலின் விளிம்பில் சக்கரம் நின்று அதிர்ந்தால்கூட +1, -1 என்று மாறிமாறி வந்து கழிந்துவிடும்.

பல பாடக் குறிப்புகளில் காணும் எளிய முறை இதற்கு நேர் எதிரானது: ஏ உயரும்போது மட்டும் இன்டரப்ட், அப்போது பி தாழ்ந்திருந்தால் கூட்டு, உயர்ந்திருந்தால் கழி. இன்டரப்ட் எண்ணிக்கை நான்கில் ஒன்றாகக் குறையும் என்பது உண்மை. ஆனால் ரொட்டீன் ஓடத் தாமதமானால் அது படிப்பது பழைய பி-யை அல்ல, இப்போதைய பி-யை. எங்கள் முழு வேகத்தில் தாமதம் 95 முதல் 284 மைக்ரோசெகண்டுக்குள் விழுந்தால் பி புரண்டிருக்கும். முன்னோக்கிய அடி பின்னோக்கியதாக எழுதப்படும். தாமதமாகும் எண்ணிக்கை தொலைவதோடு நிற்காமல் எதிர்க்கட்சியில் சேர்ந்துகொள்கிறது. நிற்கும் சக்கரம் ஏ-யின் விளிம்பில் அதிர்ந்தாலும் இந்த முறை ஏற்றங்களை மட்டும் பார்த்து, ஒரே திசையில் எண்ணிக்கொண்டே போகும். இன்டரப்ட்டை மிச்சம் பிடிக்க இதைத் தேர்ந்தெடுப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பதற்றமாகவே இருக்கும்.

`err` எண்ணியைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை. அது பூஜ்யமாக இல்லாவிட்டால் எங்கோ அடைப்பு இருக்கிறது என்பது நிச்சயம். ஆனால் எவ்வளவு தொலைந்தது என்று அதைக் கேட்கக் கூடாது. எங்கள் 5 மீட்டர் ஓட்டத்தில் 89 முடக்கங்கள். அவற்றில் இரண்டு அடித் தாவல்கள் மட்டுமே `err`-இல் ஏறும். கணக்குப்படி ஏறத்தாழ 42. அதை வைத்து 84 எண்ணிக்கை போனது என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். மீதி 188-ம் -1 வேடம் போட்டுக்கொண்டு உள்ளே நுழைந்தவை. நான்கு மாற்றங்கள் தொலைந்தால் நிலை பழையபடியே இருக்கும்; அட்டவணை அதைக் கவனிக்கவே கவனிக்காது.

தொலைந்ததை முழுமையாக அளக்க நான் நம்புவது ஒரு சாக்பீஸ் கோட்டைத்தான். ரோபோவைத் தூக்கி ஒரு கட்டையின் மேல் வைத்து, சக்கரங்கள் காற்றில் சுற்றும்படி செய்துவிட வேண்டும். வழுக்கல் என்ற பேச்சுக்கே இடமில்லை. டயரிலும் சட்டத்திலும் எதிரெதிரே கோடு போட்டு, எண்ணியைப் பூஜ்யமாக்கி, 10 நொடி முழு வேகத்தில் முன்னோக்கி ஓட விடுங்கள். பிறகு, நட்டமே நிகழாத மெதுவான வேகத்தில் பின்னோக்கி ஓட்டி, எண்ணி மறுபடி பூஜ்யம் காட்டும்போது நிறுத்துங்கள். எதுவும் தொலையவில்லை என்றால் கோடும் கோடும் ஒட்டி நிற்கும். எங்களுடையதில் டயர்க் கோடு முன்பக்கமாக மூன்றில் ஒரு பங்குச் சுற்று விலகி நின்றது. 10 நொடிக்கு 612 எண்ணிக்கை, அதை 1920-ஆல் வகுத்தால் 0.319 சுற்று, அதாவது 115 டிகிரி, கணக்கோடு ஒத்துப்போயிற்று. முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் ஓட்டினால் இரண்டு பக்க நட்டமும் ஒன்றையொன்று கழித்துக்கொண்டு எல்லாம் நலம் என்று பொய் சொல்லும். ஒரு பக்கம் வேகம், மறுபக்கம் மெதுவாக என்பதில்தான் சோதனையே இருக்கிறது.

தொலையாமலேயே தொலைந்ததுபோல் தோன்றும் இன்னொரு கோளாறும் உண்டு. `cntL` நான்கு பைட். சிப் எட்டு பிட். முதன்மை நிரல் அதை ஒவ்வொரு பைட்டாகத்தான் எடுக்கிறது. எண்ணி 255-ல் இருக்கும்போது கீழ் பைட்டான `FF`-ஐ எடுத்தாயிற்று; அந்தக் கணத்தில் இன்டரப்ட் வந்து எண்ணியை 256 ஆக்கிவிட்டது; திரும்பி வந்து அடுத்த பைட்டை எடுத்தால் `01`. சேர்த்தால் `01FF`, அதாவது 511. எண்ணி சரி, வாசிப்பு தப்பு. வேகக் கட்டுப்பாட்டில் திடீரென்று ஓர் உதறல் வந்து அடுத்த சுற்றில் மறைந்துவிட்டால் இதைத் தேடுங்கள். மருந்து சுலபம்:

```cpp
noInterrupts();
int32_t l = cntL, r = cntR;
interrupts();
```

இந்த முடக்கம் இரண்டு மூன்று மைக்ரோசெகண்ட்தான். நம் 47 எல்லைக்கு வெகு உள்ளே. அதற்குள் வகுத்தல், பெருக்கல், `Serial.print` என்று வேலையை அடுக்கினால் நாமே எல்இடி லைப்ரரி ஆகிவிடுவோம்.

எல்இடிக்கு வருவோம். அதன் சிக்னலைத் துண்டு துண்டாக அனுப்ப முடியாது. நடுவில் ஓய்வு நீண்டால் விளக்கு அதையே முடிவாக எடுத்துக்கொள்ளும். ஓடும்போது புதுப்பிக்காமல் நிற்கும்போது மட்டும் புதுப்பிப்பது இலவச வழி. நாங்கள் பட்டையையே ஏபிஏ102 வகைக்கு மாற்றினோம். அதற்குத் தனிக் கடிகாரக் கம்பி உண்டு. நடுவில் எத்தனை முறை இன்டரப்ட் வந்தாலும் பொறுமையாகக் காத்திருக்கும்.

ஊனோவில் இந்த ரொட்டீனோடு எவ்வளவு தூரம் போகலாம்? 6 மைக்ரோசெகண்ட் என்ற கணக்கில் நொடிக்கு 50,000 மாற்றங்கள் வந்தாலே சிப்பின் நேரத்தில் 30 சதவீதம் போய்விடும்; அதற்கு மேல் போக நான் துணிய மாட்டேன். சுற்றுக்கு 600 துடிப்பு தரும் ஒளி என்கோடரை நிமிடத்துக்கு 3000 சுற்றில் ஓட்டினால் நொடிக்கு 1,20,000 மாற்றங்கள், இடைவெளி 8.3 மைக்ரோசெகண்ட். ரொட்டீனை எவ்வளவு செதுக்கினாலும் அங்கே மூச்சு முட்டும். அந்த இடத்தில் எண்ணும் வேலையை வன்பொருளிடமே விட்டுவிட வேண்டும். எஸ்டிஎம்32 சிப்களின் டைமர்களில் என்கோடர் பயன்முறை இருக்கிறது, இஎஸ்பி32-இல் துடிப்பு எண்ணும் தனி அலகு இருக்கிறது, ஊனோவையே விடமாட்டேன் என்பவர்களுக்கு எல்எஸ்7366ஆர் என்ற தனி எண்ணி சிப் இருக்கிறது. அங்கே ஒரு மாற்றத்துக்கு ஒரு இன்டரப்ட் என்ற பேச்சே கிடையாது. நிரல் எப்போது கண்ணை மூடினாலும் எண்ணி தன்பாட்டுக்கு ஓடும். 16 பிட் எண்ணி என்றால் சீக்கிரம் சுற்றி வந்துவிடுமே என்று பயப்பட வேண்டாம். `(int16_t)(now - last)` என்று வித்தியாசத்தை எடுத்துக் கூட்டிக்கொண்டே வந்தால் போதும். எங்கள் வேகத்துக்கு மூன்று நொடிக்கு ஒருமுறை படித்தாலே தப்பாது.

பட்டை மாறிய பிறகு `err` இரண்டும் பூஜ்யத்தில் நின்றன. சாக்பீஸ் கோடுகளும் ஒட்டி நின்றன. தரையில் விட்டபோது 5 மீட்டர் கோட்டை இன்னும் 5 மி.மீ. தாண்டியது, ஆனால் எல்லா வேகத்திலும் அதே 5 மி.மீ. ஆயிரத்தில் ஒரு பங்கு. சக்கர விட்டத்தில் அது 0.065 மி.மீ.; ஸ்கேல் வைத்து அளந்த 65-க்கு அதற்குமேல் என்ன துல்லியம் இருக்க முடியும்? விட்டத்தை 65.07 என்று திருத்திவிட்டு அடுத்த வேலைக்குப் போனோம்.